ஏப்ரல் 1-ஆ, ஜூன் 16-ஆ: ஆஃபர் வந்தபின் எழுதிய ஒரு கடிதத்தின் கணக்கு

என் தங்கைக்கு 2025 மார்ச் 4-ம் தேதி சாயங்காலம் ஆஃபர் லெட்டர் வந்தது. ஓ.எம்.ஆரில் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் ஐந்தாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்கு. புது இடமும் சென்னையிலேயேதான். சம்பளம் 12 லட்சத்திலிருந்து 16.5 லட்சம். லெட்டரைப் படித்துவிட்டு ராத்திரி போன் பண்ணினாள். "அண்ணா, ஏப்ரல் 1 சேரணும்னு போட்டிருக்காங்க. எனக்கு 90 நாள் நோட்டீஸ்னு இன்டர்வியூலயே சொல்லிட்டேனே, அப்புறம் எப்படி இப்படிப் போட்டாங்க?"

நான் பத்து வருஷத்துக்கு மேல் ஆள் சேர்க்கும் பிரிவில் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு தெரியும். பெரும்பாலும் யாரும் யோசித்துப் போட்ட தேதியாக இருக்காது. லெட்டர் தயாராகும்போது ஒரு தேதி வேண்டும், முப்பது நாள் தள்ளி ஒன்று போட்டுவிடுவார்கள். சில சமயம் உண்மையிலேயே புராஜெக்ட் தொடங்கப்போகிறது, ஆள் வேண்டும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் பதில் எழுதக் கூடாது. ஆஃபர் ஐந்து வேலை நாளுக்குத்தான் செல்லும் என்று லெட்டரில் இருந்தது, அதாவது மார்ச் 11 வரை. அதற்குள் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று முடிவு பண்ண வேண்டியிருந்தது.

அவள் முன்னால் நான்கு வழி இருந்தது. தேதியை மட்டும் தள்ளிக் கேட்கலாம். ஏப்ரல் 1-ஐ ஏற்றுக்கொண்டு, மீதி நோட்டீஸ் நாளுக்கு ஈடாகப் பழைய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பைஅவுட் பணத்தைப் புது கம்பெனியைத் தரச் சொல்லலாம். தேதியைப் பற்றிப் பேசாமல் சம்பளத்தை மட்டும் கேட்கலாம். இல்லையென்றால் இரண்டையும் ஒரே கடிதத்தில் வைக்கலாம். பலர் இதில் எது மரியாதையாக இருக்கும், எது பேராசையாகத் தெரியும் என்று யோசித்தே நாளை ஓட்டுகிறார்கள். நாங்கள் முதலில் ஒரு பேப்பரில் இரண்டு தேதியையும் எழுதி, ஒவ்வொன்றிலும் அவளுக்குக் கையில் என்ன வருகிறது, என்ன போகிறது என்று பார்த்தோம்.

அவள் பழைய கம்பெனியில் சேர்ந்தது 2020 ஜூன் 15. கொரோனா முடக்கக் காலம், லேப்டாப் கூரியரில் வீட்டுக்கு வந்து, ஆபீஸ் வாசலைக்கூடப் பார்க்காமல் வேலையில் சேர்ந்தவள். 2025 ஜூன் 14-ம் தேதியோடு ஐந்து வருஷம் முழுசாக முடியும். இங்கேதான் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, வருகிறது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷத் தொடர் பணி இருந்தால் கிராஜுவிட்டி கிடைக்கும். கடைசியாக வாங்கிய மாத பேசிக்கை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பணியாற்றிய வருஷங்களால் பெருக்க வேண்டும். இவளுடைய பேசிக் 40,000. கணக்குப் போட்டால் 1,15,385 ரூபாய். அதற்கு வருமான வரியும் கிடையாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே அது முழு வருஷக் கணக்குதான் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1996-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன்படி பார்த்தால் ஏப்ரலில் கிளம்பினாலும் அவள் கேட்கலாம். ஆனால் அவளுடைய கம்பெனியின் கொள்கைக் குறிப்பில் "ஐந்து ஆண்டுகள் நிறைவு" என்றுதான் இருந்தது. போன வருஷம் நாலே முக்கால் வருஷத்தில் கிளம்பிய அவளுடைய டீம் ஆள் ஒருவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தொழிலாளர் துறை வரை போய் வாங்கலாம்தான், போகிறவர்கள் குறைவு. அதனால் ஏப்ரல் 1 என்றால் இந்தப் பணம் வராது என்றே வைத்துக்கொண்டோம்.

அடுத்து பைஅவுட். மார்ச் 10-ம் தேதி ரிசைன் பண்ணினால் மார்ச் 31 வரை 22 நாள்தான் ஓடியிருக்கும், 68 நாள் பாக்கி. இதை எதன்மேல் கணக்கிடுவார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடத்தில் பேசிக் மேல், சில இடத்தில் மொத்த மாதச் சம்பளத்தின் மேல். பணியமர்வுக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், வாய்மொழியாகக் கேட்டு நம்பக் கூடாது. இவளுக்குப் பேசிக் மேல் என்று இருந்தது, அதனால் 90,667 ரூபாய். மொத்தச் சம்பளத்தின் மேல் என்றிருந்தால் கிட்டத்தட்ட இருமடங்காகியிருக்கும்.

ஆக ஏப்ரலில் சேர்ந்தால் இந்த இரண்டிலும் சேர்த்து 2,06,000 ரூபாய் போகிறது. மறுபக்கம், இரண்டரை மாசம் முன்னாடியே புதுச் சம்பளம் வாங்குகிறாள் இல்லையா? பி.எஃப். கழித்து, வரிக்கு முன், பழைய இடத்தில் மாதம் 80,200 வருகிறது, புது இடத்தில் 1,07,900 வரும். மாதத்துக்கு 27,700 வித்தியாசம், இரண்டரை மாசத்துக்கு 69,000 சுமார். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஜூனில் சேர்வது அவளுக்கு 1,37,000 ரூபாய் லாபம்.

இந்த எண் கிடைத்தபிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. தேதி என்பது அவளுக்கு வெறும் வசதி விஷயமாக இல்லாமல், விலை உள்ள ஒன்றாகிவிட்டது. ஏப்ரலில் வா என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. ஜாயினிங் போனஸாக வரும் பணத்துக்கு வரி பிடிப்பார்கள், கிராஜுவிட்டிக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பதால், 1,37,000-ஐ ஈடுகட்ட ஒன்றரை லட்சத்துக்கு மேல் கேட்டால்தான் சரியாக வரும்.

இனி நான்கு வழிக்கு வருகிறேன்.

தேதியை மட்டும் கேட்பது ரொம்ப எளிது, "சரி" என்ற பதிலும் அதற்குத்தான் சீக்கிரம் வரும். ஆனால் அதைக் கேட்டு வாங்கிவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சம்பளத்துக்கு இன்னொரு மெயில் போட்டால் நிலைமை மாறிவிடும். ஆஃபர் லெட்டரில் ஒரு வரி மாறினாலும் அது திரும்ப ஒப்புதலுக்குப் போக வேண்டும், ரெக்ரூட்டர் தன் மேலாளரிடம் போய் நிற்க வேண்டும். முதல் தடவை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது தடவை, "இந்தப் பொண்ணு சேருமா சேராதா?" என்ற கேள்வி வரும். நானே அந்த அறையில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அதனால் சம்பளத்திலும் ஏதாவது கேட்க இருக்கிறது என்றால், தேதியைத் தனியாகக் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இது வேலை தேடுகிறவர்கள் பக்கம் பலருக்குத் தெரியாது. தொண்ணூறு நாள் தள்ளிச் சேர்கிறேன் என்று சொல்லும்போது ரெக்ரூட்டருக்கு முதலில் வருவது பயம். அந்த மூன்று மாசத்தில் இந்த ஆஃபரைக் காட்டி நீங்கள் இன்னொரு இடத்தில் கூடுதலாக வாங்கிவிடலாம், இல்லை பழைய கம்பெனியே சம்பளத்தைக் கூட்டி நிறுத்திவிடலாம். சேர வேண்டிய அன்று காலையில் போனை அணைத்துவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தேதியைத் தள்ளிக் கேட்கும் எந்தக் கடிதமும் அந்தப் பயத்துக்கு ஒரு பதிலைக் கூடவே தர வேண்டும். அந்தப் பதில் இல்லாத கடிதம், எவ்வளவு பணிவாக எழுதினாலும், எதிர்முனையில் சந்தேகத்தோடுதான் படிக்கப்படும்.

பைஅவுட் கேட்பது, புது இடத்துக்கு ஆள் அவசரமாக வேண்டும் என்றால் நல்ல வழி. பல கம்பெனிகள் இதைச் சம்பள பட்ஜெட்டிலிருந்து எடுப்பதில்லை, ஒரு தடவைச் செலவாக வேறு கணக்கில் போடுவார்கள், அதனால் மாதச் சம்பளத்தில் ஐயாயிரம் கூட்டித் தரத் தயங்குகிறவர்கள்கூட இதைத் தந்துவிடுவார்கள். ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். பழைய கம்பெனி பைஅவுட்டுக்குச் சம்மதிக்க வேண்டும்; பல பணியமர்வுக் கடிதங்களில் அது நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரி இருக்கும், அந்த வரி இருந்தால் நீங்கள் பணத்தை நீட்டினாலும் மேனேஜர் முடியாது என்று சொல்லலாம். சொன்னபிறகும் கிளம்பினால் ரிலீவிங் லெட்டர் சிக்கலாகும். இரண்டாவது, புது கம்பெனி திருப்பித் தரும் பணம் உங்கள் சம்பளத்தோடு சேர்த்து வரிக்குப் போகும், 90,667 கட்டிவிட்டு 90,667 கைக்கு வரும் என்று நினைக்கக் கூடாது. மூன்றாவது, ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வரும்.

தங்கைக்கு இந்த வழி முதல் விஷயத்திலேயே அடிபட்டுப்போனது. அவளுடைய மேனேஜர் யாரையும் முன்கூட்டி விடுகிறவர் இல்லை.

சம்பளத்தை மட்டும் கேட்டு, தேதியைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி என்று நான் நினைக்கிறேன். ஏப்ரல் 1 நடக்காது என்று தெரிந்தே, சம்பளம் உறுதியானபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இதைச் செய்கிறார்கள். மார்ச் கடைசி வாரத்தில் "ரிலீவ் பண்ண மாட்டேங்கறாங்க" என்று மெயில் போகும். அந்த நேரத்தில் அவர்கள் கையில் உங்களுடைய கையெழுத்து போட்ட ஏப்ரல் 1 இருக்கிறது, நீங்கள் பழைய இடத்தில் ரிசைன் பண்ணியும் ஆயிற்று. ஆஃபரை அவர்கள் ரத்து செய்தால் இரண்டு பக்கமும் போய்விடும்.

ஆக மிஞ்சியது நான்காவது வழி, இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்பது. நான் முதலில் அவளிடம் சொன்னது, இரண்டு தேதிக்கும் இரண்டு விலை போடு என்றுதான்: ஏப்ரல் 1 என்றால் பைஅவுட்டையும் சேர்த்து ஈடுகட்ட ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஜாயினிங் போனஸ், ஜூன் 16 என்றால் அது வேண்டாம், சம்பளத்தில் ஒரு சின்ன மாற்றம் போதும். எதிர்முனையில் இருப்பவருக்கு வேண்டும், வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்வதைவிட இதுவா அதுவா என்று தேர்வது சுலபம் என்பது என் அனுபவம். அவள் உடனே மறுத்துவிட்டாள். "அண்ணா, அவங்க ஏப்ரலைத் தேர்ந்தெடுத்துட்டா நான் என்ன பண்றது? என்னை விடமாட்டாங்களே." அவள் சொன்னதுதான் சரி. செய்துகாட்ட முடியாத ஒன்றைக் கடிதத்தில் வைக்கக் கூடாது. பைஅவுட் உங்கள் உரிமை என்று பணியமர்வுக் கடிதத்தில் எழுதியிருந்தால் மட்டும் இரண்டு விலை போடுங்கள்.

சரி, சம்பளத்தில் என்ன கேட்பது? இதற்கு முன் ஒரு போன் அவசியம் என்று நான் வற்புறுத்தினேன். கடிதத்தை நேரடியாக அனுப்பினால், ரெக்ரூட்டர் அதை அப்படியே மேலே அனுப்பிவிட்டு "முடியாது" என்ற பதிலை வாங்கி உங்களுக்கு அனுப்பிவிடலாம். போனில் பேசினால் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று அவரே சொல்லிவிடுவார். மார்ச் 6, வியாழக்கிழமை மதிய இடைவேளையில் பேசினாள். பத்து நிமிஷப் பேச்சு. அவள் கேட்டது இரண்டு கேள்விதான். இந்த இடம் ஏதாவது புராஜெக்ட் தொடக்கத்தோடு சேர்ந்து இருக்கிறதா? சம்பளத்தில் எந்தப் பகுதியில் மாற்றம் செய்ய இடம் இருக்கிறது?

முதல் கேள்விக்கு, புராஜெக்ட் ஜூலையில்தான் சூடு பிடிக்கும், ஆனால் முன்னாடியே ஆள் இருந்தால் நல்லது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, "சி.டி.சி.ல கை வைக்க முடியாதுங்க, இந்த லெவலுக்கு உச்சத்துல போட்டிருக்கோம்" என்றார் அந்த ரெக்ரூட்டர். அவர் சொன்னது உண்மையா இல்லையா என்று ஆராய்வதில் பயனில்லை. சி.டி.சி. என்ற வருஷ மொத்தத் தொகையை விட்டுவிட்டு அதற்குள்ளேயே எதை நகர்த்தலாம் என்று பார்ப்பதுதான் வழி.

அந்த 16.5 லட்சத்தில் 1.65 லட்சம் வேரியபிள். மீதி 14.85 லட்சம் ஃபிக்ஸட், அதற்குள்தான் கம்பெனி கட்டும் பி.எஃப்.பும் கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடும் இருக்கின்றன. வேரியபிள் என்பது கம்பெனியின் லாபத்தையும் வருஷ மதிப்பீட்டையும் பொறுத்து வருவது, முழுசாக வரும் என்று எந்த லெட்டரும் உறுதி தராது. அதிலிருந்து 55,000 ரூபாயை எடுத்து ஃபிக்ஸடில் போடச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். சி.டி.சி. அதே 16.5 தான், ரெக்ரூட்டருக்கு மேலே போய் உச்சவரம்பைத் தாண்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவளுக்கோ உறுதியாக வரும் சம்பளம் 15.4 லட்சமாகிறது, அடுத்த வருஷ உயர்வுகூட ஃபிக்ஸட் மேல்தான் கணக்காகும்.

அதோடு இன்னொரு இழப்பும் இருந்தது. பழைய கம்பெனி வருஷ வேரியபிளை மே மாதச் சம்பளத்தில் தரும், நோட்டீஸில் இருப்பவர்களுக்குத் தராது. இவளுக்கு அது 99,000 ரூபாய். ஏப்ரலில் போனாலும் ஜூனில் போனாலும் இது போய்விடுகிறது, அதனால்தான் முதலில் போட்ட கணக்கில் இதைச் சேர்க்கவில்லை. ஆனால் ஜாயினிங் போனஸ் கேட்க இதைவிட நல்ல காரணம் கிடையாது. "எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது", "என் நண்பருக்கு இவ்வளவு கொடுத்தார்கள்" என்பதை வைத்து யாரும் ஒப்புதல் வாங்க முடியாது. "இங்கே வருவதால் இந்தப் பணம் எனக்குப் போகிறது, இதோ அதற்கான கடிதம்" என்றால் ரெக்ரூட்டர் அதை அப்படியே ஒப்புதல் படிவத்தில் ஒட்டிவிடலாம்.

மார்ச் 7, வெள்ளிக்கிழமை காலையில் கடிதம் போனது. எல்லா ஆபீஸ் கடிதங்களையும் போல இதுவும் ஆங்கிலத்தில்தான் போனது, ஆனால் விஷயம் இதுதான்:

> வணக்கம். இந்தப் பொறுப்பை எனக்கு அளித்ததற்கு நன்றி. உங்கள் நிறுவனத்தில் சேர விரும்புகிறேன். நேற்று தொலைபேசியில் பேசியபடி, ஏற்பைப் பதிவு செய்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> முதலாவது, சேரும் தேதி. என் நோட்டீஸ் காலம் 90 நாள். முன்கூட்டி விடுவிப்பது இப்போதைய நிறுவனத்தின் முடிவு, அதை நான் உறுதியாகச் சொல்ல இயலாது. மார்ச் 17 அன்று ராஜினாமா கொடுத்தால் ஜூன் 14 என் கடைசி நாள். ஜூன் 16, திங்கட்கிழமை சேர முடியும். திருத்திய லெட்டர் மார்ச் 14-க்குள் கிடைத்தால், ராஜினாமா ஏற்கப்பட்ட மின்னஞ்சலின் நகலை மார்ச் 21-க்குள் அனுப்புகிறேன். பின்னணிச் சரிபார்ப்புக்கான ஆவணங்களை இந்த வாரமே தருகிறேன்.
>
> இரண்டாவது, சம்பள அமைப்பு. மொத்தம் 16.5 லட்சத்தில் மாற்றம் வேண்டாம். வேரியபிளில் 55,000 ரூபாயை ஃபிக்ஸடுக்கு மாற்றி, ஃபிக்ஸட் 15.4 லட்சமாகவும் வேரியபிள் 1.1 லட்சமாகவும் அமைக்க முடியுமா? மேலும், மே மாதம் எனக்கு வர வேண்டிய 99,000 ரூபாய் ஆண்டு ஊக்கத்தொகையை ராஜினாமாவால் இழக்கிறேன். அதற்குரிய கடிதத்தை இணைத்துள்ளேன். அதை ஈடுசெய்யும் ஜாயினிங் போனஸைப் பரிசீலிக்கக் கேட்கிறேன்.
>
> இவை கோரிக்கைகள் மட்டுமே. மார்ச் 4 தேதியிட்ட உங்கள் ஆஃபரை நான் மறுக்கவில்லை. மார்ச் 11-க்குள் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இதில் கடைசிப் பத்தியை நான் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ம் பிரிவுப்படி, ஏற்பு என்பது நிபந்தனை இல்லாமல் முழுசாக இருக்க வேண்டும். "ஜூன் 16-க்கும் 15.4 லட்சத்துக்கும் உட்பட்டு ஏற்கிறேன்" என்று எழுதினால் அது ஏற்பே கிடையாது, எதிர் ஆஃபர். எதிர் ஆஃபர் போனவுடன் பழைய ஆஃபர் உயிரிழந்துவிடும், அதன்பின் "சரி, பழையபடியே சேர்கிறேன்" என்று சொன்னால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நடைமுறையில் கம்பெனிகள் இதை வைத்துச் சண்டை போடுவதில்லை. ஆனாலும் வேறொரு ஆள் குறைந்த சம்பளத்தில் கிடைத்துவிட்டார் என்றால், உங்கள் கடிதத்தின் ஒரு வாக்கியமே அவர்களுக்கு வெளியே போகும் கதவாகிவிடும். கேள்வியாகவும் கோரிக்கையாகவும் எழுதினால் பழைய ஆஃபர் கெடு முடியும்வரை நிற்கும்.

ஜூன் 14 என்ற தேதிக்குப் பின்னால் கிராஜுவிட்டி இருக்கிறது என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மார்ச் 10-ம் தேதியே ரிசைன் பண்ணியிருந்தால் ஜூன் 7-ல் நோட்டீஸ் முடிந்திருக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒரு வாரம் குறையும். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மார்ச் 17. இதை ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். நோட்டீஸ் காலம் என்பது எழுத்தில் இருக்கும், யாரும் வாதிட முடியாத காரணம். அது இருக்கும்போது இரண்டாவது காரணம் எதற்கு? அதைச் சொன்னால் பேச்சு "அந்தப் பணத்தை நாங்கள் தந்துவிட்டால் ஏப்ரலில் வருவீர்களா" என்ற பக்கம் போகும், அவளால் எப்படியும் வர முடியாது. பொய் எதுவும் கடிதத்தில் இல்லை. கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பாள்.

மார்ச் 11 மதியம் பதில் வந்தது. ஜூன் 16 சரி. வேரியபிளை மாற்றுவதும் சரி. ஜாயினிங் போனஸ் 75,000 தருகிறோம், ஒரு வருஷத்துக்குள் விலகினால் முழுசாகத் திருப்பித் தர வேண்டும் என்றார்கள். பதினோராவது மாசம் விலகினாலும் முழுத் தொகையா, மாசக் கணக்கில் குறைத்துக்கொள்ளலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். முடியாது என்றார்கள். அதோடு விட்டுவிட்டாள், விட்டது நல்லது. அதற்குமேல் இழுக்க அவளிடம் புதிய காரணம் எதுவும் இல்லை.

ஆனால் இதற்குப் பிறகுதான் பலர் தவறுகிறார்கள். மெயிலில் "சரி" வந்த சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே ரிசைன் பண்ணிவிடுகிறார்கள். மார்ச் 12-ல் திருத்திய லெட்டர் வந்தது, சம்பளப் பட்டியல் சரியாக இருந்தது, ஜாயினிங் போனஸ் இருந்தது, மேலே சேரும் தேதி மட்டும் ஏப்ரல் 1 என்றே இருந்தது. அவர்களுடைய இணையதளத்திலும் அதே ஏப்ரல் 1, கீழே "ஏற்கிறேன்" பட்டன். அதை அழுத்தியிருந்தால், ஏப்ரல் 1-ல் வராதவள் என்று அந்த மென்பொருள் தானாகவே ஆஃபரை மூடியிருக்கலாம். அப்படி மூடியதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு திறக்க மூன்று வாரம் ஆனது. அவள் பட்டனைத் தொடவில்லை. ரெக்ரூட்டருக்கு இரண்டு வரி எழுதி, மார்ச் 11 மெயிலை அதோடு சேர்த்து அனுப்பினாள். 14-ம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியான லெட்டர் வந்தது. தேதி, ஃபிக்ஸட், வேரியபிள், போனஸ் நிபந்தனை, வேலை செய்யும் ஊர் என்று ஐந்தையும் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றாள். திங்கட்கிழமை, மார்ச் 17 காலையில் ராஜினாமா போனது.

உங்கள் கணக்கு இவளுடையதைப் போல இருக்க வேண்டியதில்லை. மூன்று வருஷம் முடித்த ஒருவர் என்று வையுங்கள், மற்றதெல்லாம் அப்படியே. கிராஜுவிட்டி எப்படியும் கிடையாது, ஆக ஏப்ரலில் போவதன் இழப்பு பைஅவுட் 90,667 மட்டும். முன்னாடியே சேர்வதால் வரும் 69,000-ஐக் கழித்தால் 22,000 பக்கம்தான் வித்தியாசம். அவருடைய மேனேஜர் விடுகிறவராக இருந்தால், புது கம்பெனியிடம் பைஅவுட் கேட்டு ஏப்ரலிலேயே சேர்ந்துவிடுவதுதான் நல்லது, அவர்கள் பாதி தந்தால்கூட லாபம். புது இடத்தில் புராஜெக்ட் அடுத்த மாசமே தொடங்குகிறது, ரெக்ரூட்டர் தினமும் கூப்பிடுகிறார், விளம்பரத்திலேயே உடனே சேர்பவர்கள் வேண்டும் என்று போட்டிருந்தார்கள் என்றால் தேதியைத் தள்ளிக் கேட்பது ஆபத்து. அந்த இடத்தில் தேதியை விட்டுக்கொடுத்துவிட்டுப் பணத்தில் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனிக்கவும்: 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷ விதி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கணக்கிடும் ஊதியம் மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று வரையறை மாறியிருக்கிறது. அதனால் கிராஜுவிட்டித் தொகை என் தங்கையின் கணக்கைவிடக் கூடுதலாகவே வரலாம், பழைய பேசிக்கை வைத்துப் போட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கோ ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு.

நடுவில் பழைய மேனேஜர் ஏப்ரலில் ஒருநாள் கூப்பிட்டு, மே மாசமே விட்டுவிடுகிறோம் வேண்டுமானால் என்றார். மார்ச்சில் கேட்டிருந்தால் கிடைத்திருக்காத சலுகை அது. அவள் நன்றி சொல்லிவிட்டு, ஜூன் 14 வரை இருப்பதாக எழுத்தில் பதில் கொடுத்தாள். ஜூன் 16 காலை புது ஆபீஸில் அடையாள அட்டை வாங்கிக்கொண்டு படம் அனுப்பினாள். கிராஜுவிட்டிக்கான விண்ணப்பத்தைக் கடைசி வாரத்திலேயே கொடுத்திருந்தாள்; ஜூலை இரண்டாவது வாரம் 1,15,385 ரூபாய் அவள் கணக்குக்கு வந்தது.